படுத்தால் ஒரு பிரஷர், நின்றால் ஒரு பிரஷர்

உங்கள் தாத்தா நம் வீட்டில் சாப்பிட்டால் விழுவார். பெரம்பலூரில் உங்கள் அத்தை வீட்டில் சாப்பிட்டால் விழமாட்டார். நம் வீட்டில் நடந்த அத்தனை சண்டைக்கும் இதுதான் மூலம். உங்கள் அம்மா உங்களை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீடான ஏலாக்குறிச்சிக்குப் போய் இருந்தாளே, அதற்கும் இதுதான் காரணம். நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அரைப் பரீட்சை லீவு என்று சொல்லி அனுப்பினேன். லீவு முடிந்தும் நீங்கள் ஏன் திரும்பி வரவில்லை என்று உங்களுக்குச் சரியாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் நான் பார்த்ததை, காதால் கேட்டதை எழுதி வைக்கிறேன்.

அரியலூரைத் தனி மாவட்டம் என்று அறிவித்து, கொஞ்ச நாளில் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. நாம் கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் இருந்தோம். நான் அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தேன். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. ஆகவே என் அப்பா விழுவதை நான் ரொம்ப நாள் கண்ணால் பார்க்கவில்லை. சொல்லித்தான் கேட்டேன்.

சொன்னது இரண்டு பேர். அப்பா ஒன்று சொல்வார், உங்கள் அம்மா ஒன்று சொல்வாள்.

"காலையில சாப்புட்டு முடிச்சு, கட்டில்ல உக்காந்து வெத்தலை போட்டுட்டு எந்திரிச்சேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சோறு உள்ள போற வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன்" என்பார் அப்பா. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அடுப்படியைப் பார்ப்பார்.

"சாப்புட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மாட்டைப் பாக்கறேன்னு விசுக்குனு எந்திரிச்சாருங்க. தூணைப் புடிச்சுக்கிட்டாரு. நான் புடிக்கப் போனா, தொடாதேங்கறாரு" என்பாள் உங்கள் அம்மா.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது சாராயத்தின் மேல். பாட்டி போன பிறகு அவர் எப்போதாவது குடிப்பார் என்று ஊரில் பேச்சு. கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசம்தான். அடுத்து மெடிக்கல் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. மாத்திரையை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று அட்டையில் இருந்த எழுத்தையும் சீட்டில் இருந்த எழுத்தையும் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவது படித்த எனக்கு டாக்டர் எழுத்து என்ன புரியும்? கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சரியாத்தான் குடுத்திருக்கேன், வேணும்னா டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அந்தச் சிரிப்பு மேலும் சந்தேகமாக இருந்தது.

அப்பாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை பல வருஷமாக இருந்தது. பிரஷர் அதற்குப் பிறகு வந்தது. பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் அதற்காகக் காட்டிக்கொண்டிருந்தார். மூத்திரம் சரியாகப் போகவில்லை, அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று அரியலூரில் வேறொரு டாக்டரிடம் காட்டினார். அவர் அதற்குத் தனியாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். தூக்கம் வரவில்லை என்று அதற்கும் ஒன்று. இவர் கொடுத்தது அவருக்குத் தெரியாது, அவர் கொடுத்தது இவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. மூத்திர டாக்டரிடம் போய் பிரஷர் கதையைப் பேசினால் கோபித்துக்கொள்வார் என்று நினைப்பு.

பெரம்பலூர் டாக்டரிடம் ஒவ்வொரு முறை போகும்போதும் பிரஷர் ஏறியே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை கூடியது, அல்லது இருந்த மாத்திரையின் அளவு கூடியது. உங்கள் அம்மாதான் எல்லாவற்றையும் நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பாள். காலையில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கை நிறைய இருக்கும். அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், அவர் அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டு சொம்புத் தண்ணீரைக் குடிப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அதை நான் பெருமையாகவே பேசியிருக்கிறேன்.

பெரம்பலூருக்குப் போவதென்றால் அப்பா முதல் நாளே கிளம்பிவிடுவார். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், டோக்கனும் சீக்கிரம் வாங்க வேண்டும். அதனால் உங்கள் அத்தை வீட்டில் தங்குவார். காட்டிவிட்டு உடனே திரும்பமாட்டார். மகள் வீடு அல்லவா, இரண்டு நாள் மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் வருவார். அங்கே இருக்கும்போது தலைசுற்றல் என்ற பேச்சே இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். இங்கே வந்து இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மறுபடியும் தூணைப் பிடிப்பார்.

இதை முதலில் கவனித்துச் சொன்னது உங்கள் அத்தைதான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் வேலை செய்யும் கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அப்பா எங்க வூட்டுல இருந்தா கல்லாட்டம் இருக்காரு. அங்க வந்தா ஏன் சாயுறாரு?"

"அதுக்கு என்னாங்கற?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நீயே யோசிச்சுக்க."

யோசித்தேன். நான் யோசித்தது, என் தங்கச்சிக்கு அப்பா பேரில் இருந்த மேட்டுக்காட்டு நிலத்தின் மேல் கண் விழுந்துவிட்டதோ என்று. அப்பாவைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டேன். இப்படி ஆளுக்கு ஒரு சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தோம்.

அப்பா யாரோ சொன்னார்கள் என்று ஜெயங்கொண்டம் ரோட்டில் தொக்கம் எடுக்கிற ஒரு பெரியம்மாவிடம் போனார். சாப்பிட்டது வயிற்றில் தங்கிவிட்டால் அதை எடுத்துவிடுவதற்கு அவர்களிடம் போவது நம் பக்கத்தில் வழக்கம். நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா அவர் கழுத்தடியில் ஒரு சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, இலையில் எதையோ துப்பினார். பிசைந்த சோறு மாதிரி சின்ன உருண்டை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த அம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. "எதுவோ ஒட்டிக்கிட்டு இருந்திருக்குய்யா, இனிமே பசிக்கும்" என்றதோடு சரி. அப்பாதான் அந்த உருண்டையை ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறித் திரும்பினோம். கீழப்பழுவூரில் இறங்கியதும் சொன்னார்: "உன் பொண்டாட்டி எனக்கு என்னமோ கலந்து குடுக்குறாடா."

அன்றிலிருந்து அவர் நம் வீட்டில் சாப்பிடும் விதமே மாறியது. தட்டை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். குழம்பைக் கரண்டியால் துழாவுவார். உங்கள் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். மாத்திரையை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. அது டாக்டர் கொடுத்தது, அட்டையில் மூடி வந்தது. வாங்கி மரியாதையாக வாயில் போட்டுக்கொள்வார்.

பிறகு ஒரு நாள் காலை மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தார். நெற்றி சிமெண்டு விளிம்பில் பட்டுக் கிழிந்தது. அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். கட்டிலிலிருந்து எழுந்து, நாலைந்து அடி வைத்து, எதையோ மறந்துவிட்டவர் மாதிரி நின்றார். முகம் வெளுத்தது. அப்புறம் முழங்கால் மடங்கியது. தடுக்கி விழவில்லை, யாரும் தள்ளவில்லை, அப்படியே சரிந்தார். கீழே கிடந்த கொஞ்ச நேரத்திலேயே தெளிந்துவிட்டார்.

அரியலூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். படுக்க வைத்து பிரஷர் பார்த்தார்கள். மேலே நூற்று முப்பத்தெட்டு, கீழே எண்பது. சர்க்கரையும் இறங்கியிருக்கவில்லை. "பிரஷர் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். படுத்திருந்தபடியே அப்பா என்னைப் பார்த்தார். பிரஷரும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்றால் வேறு என்ன என்று அந்தப் பார்வை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை, அத்தை வீட்டுக்காரர், என் தாய்மாமன் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இனிமே இவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன். நான் பெரம்பலூரு போறேன்."

உங்கள் அம்மா அதுவரைக்கும் கதவோரம் நின்றிருந்தாள். முன்னால் வந்தாள்.

"மாமா, நீங்க ஏன் போறீங்க? இது உங்க வூடு. நான் போறேன்."

"உன்னை யாரு போகச் சொன்னா?" என்றார் தாய்மாமன், சமாதானமாக.

"சோத்துல கலந்து குடுக்குறவளை வூட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? நாளைக்கு என் புள்ளைங்களுக்குச் சோறு போட்டாக்கூட ஊரு பாக்கும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க வந்து கூப்புட்டா வரமாட்டேன். அவரு வரணும். அவரு வாயால கூப்புடணும். இல்லைன்னா நான் அங்கயே இருந்துக்கறேன்."

வெறும் பேச்சு என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானமே உங்களைக் கூட்டிக்கொண்டு ஏலாக்குறிச்சி பஸ் ஏறிவிட்டாள். அப்பா அத்தையோடு பெரம்பலூர் போனார். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். அவள் சொன்னதைச் செய்பவள் என்று அப்போதுதான் உறைத்தது. அப்பாவும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்வது?

தையல் பிரிக்கும் நாளில் அப்பா பெரம்பலூரிலிருந்து நேராக அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கடையில் சொல்லிவிட்டு அங்கே போனேன். அன்றைக்கு ஓ.பி.யில் ஒரு டாக்டரம்மா இருந்தார். நெற்றியைப் பார்த்துவிட்டு, "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"சாப்பாட்டுல" என்றார் அப்பா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பாட்டுல எப்படிய்யா விழுவீங்க?"

அப்பா மகன் வீட்டுச் சோறு, மகள் வீட்டுச் சோறு இரண்டையும் பிரித்து விளக்கினார். அந்த அம்மா சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உக்காந்திருக்கும்போது, படுத்திருக்கும்போது எப்பவாவது கண்ணு இருட்டியிருக்கா?"

அப்பா யோசித்தார். "இல்லம்மா. எந்திரிச்சாத்தான்."

"அப்ப எந்திரிச்சுத்தான் பாக்கணும்" என்றார்.

பெஞ்சில் படுக்க வைத்தார்கள். சும்மா அஞ்சு நிமிஷம் படுத்திருக்கச் சொன்னார்கள். பேசக்கூடாது என்று சிஸ்டர் சொன்னார். அது அப்பாவுக்குக் கஷ்டம். பிறகு பாதரச மெஷினில் பார்த்தார்கள். மேலே நூற்று எழுபத்தாறு, கீழே தொண்ணூற்று நாலு. எழுந்து நிற்கச் சொன்னார்கள். கையில் சுற்றிய பட்டையைக் கழற்றவில்லை. சிஸ்டர் அவர் கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கித் தாங்கிக்கொண்டார். கை தொங்கிக்கொண்டிருந்தால் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுமாம். ஒரு நிமிஷத்தில் ஒரு தடவை, மூணாவது நிமிஷத்தில் ஒரு தடவை. மேலே முதலில் நூற்று எழுபது, பிறகு நூற்று அறுபத்தெட்டு.

"எட்டுதான் இறங்கியிருக்கு. மேல்கணக்கு இருபது இறங்கணும், இல்லன்னா கீழ்க்கணக்கு பத்து இறங்கணும். அப்பதான் நிக்கிறதால இறங்குதுன்னு சொல்லுவோம். இது இறக்கமே இல்ல" என்றார் டாக்டரம்மா.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேனேம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. இத்தனை நாளா அவ கைச் சோறு உள்ள போகலை. பாருங்க, நிக்கிறேன்." என் பக்கம் திரும்பி, "இப்பவாவது நம்புறியா?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. உங்கள் அம்மா இனி வரப்போவதில்லை என்று மட்டும் தோன்றியது.

டாக்டரம்மா அளவை எழுதிக்கொண்டே, "இவ்வளவு பிரஷர் இருக்கே, காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்னிக்கு எப்படிம்மா மாத்திரை போடுறது?"

"ஏன்?"

"போட்டுட்டு வந்தா வியாதி அமுங்கிடும்ல. உங்களுக்கு எப்படித் தெரியும் எவ்வளவு இருக்குன்னு?" அப்பா இதைப் பொறுமையாகச் சொன்னார்.

"பெரம்பலூர் டாக்டர்கிட்டயும் இப்படித்தான் போவீங்களா?"

"எப்பவும் அப்படித்தான். வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்ல."

"மக வூட்டுல இருக்கிற மத்த நாள்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். மாத்திரைப் பெட்டி நம் வீட்டு அலமாரியிலேயே இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் விழுந்து, அத்தையோடு பெரம்பலூர் போன பிறகும் அங்கேயேதான் இருந்தது. இரண்டு நாளைக்கு எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு என்று அவர் எப்போதுமே எடுத்துப் போனதில்லை. இந்தத் தடவை கோபத்தில் கேட்கவும் இல்லை. அத்தையும் கேட்டதில்லை. அப்பா நன்றாக இருக்கிறாரே, மாத்திரை எதற்கு என்று இருந்துவிட்டாள்.

நான் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அய்யா, டாக்டரைப் பாக்குற நாள் எல்லாம் மாத்திரை போடாம போறீங்க. அவரு ஏறியிருக்குன்னு கூட்டி எழுதுறாரு. கூட்டினதை வூட்டுக்குப் போய் முழுசா சாப்பிடுறீங்க. இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு நாளைக்கு வாங்க. எப்பவும் போல சாப்பிட்டு, எப்பவும் போல மாத்திரை போடுங்க. வூட்டுல போட்டுட்டு நடந்து வரவேணாம். இங்க வந்து போடுங்க."

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "சாப்பாடு என் மக கொண்டாரணும்" என்றார்.

"யார் கொண்டாந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

"அவதான் கொண்டாரணும்."

மறுநாள் காலை அத்தை அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். ஆஸ்பத்திரி வளாகத்தில் வேப்ப மரத்தடியில் அப்பா இட்லி சாப்பிட்டார். தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை, குழம்பைத் துழாவவில்லை. நான் கொண்டுபோன பெட்டியிலிருந்து மாத்திரைகளை அத்தை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு எது எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக என்னிடம் காட்டிக் கேட்டாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, "இத்தனையா அண்ணே?" என்றாள். உங்கள் அம்மா தினமும் கொடுத்தது அவ்வளவுதான் என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். பிறகு மறுபடியும் படுக்கை, மறுபடியும் அஞ்சு நிமிஷம். நூற்று நாற்பத்தெட்டு, எண்பத்திரண்டு. அத்தை சிரித்தாள். "நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவோ நல்லா இருக்குல்ல?" என்றாள்.

நிற்க வைத்தார்கள். ஒரு பக்கம் சிஸ்டர், மறு பக்கம் நான். ஒரு நிமிஷத்தில் நூற்றுப் பதினெட்டு, எழுபது. டாக்டரம்மா நாடியையும் எண்ணினார். "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது மாதிரி இருந்தது.

மூணாவது நிமிஷத்தில் நூற்றிரண்டு, அறுபத்திரண்டு. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. மாட்டுத் தொட்டி பக்கத்தில் பார்த்த அதே முகம். என் தோளில் எடை விழுந்தது. உடனே படுக்க வைத்து காலைத் தூக்கிப் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

திறந்ததும் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என் தங்கச்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பல மாதமாக நம் வீட்டு அடுப்படிப் பக்கம் போன பார்வை அது.

"பாப்பா, அந்த டிபன் கேரியரு யாருது?"

"அண்ணியோடதுப்பா. போன தடவை கறிக்குழம்பு குடுத்து விட்டாங்கள்ல, அதான்."

"அதான்" என்றார் அப்பா.

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இட்லி நான் ஊத்துனதுப்பா. மாவு நான் ஆட்டுனது. கேரியரைப் புளி போட்டு நான்தான் கழுவுனேன். என்னையுமா சந்தேகப்படுற?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் போனேன். வேப்ப மரத்தடியில் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கு ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. "அண்ணி இதை எத்தனை நாளா பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள். "நீ போய்க் கூட்டிக்கிட்டு வா அண்ணே."

"நான் போனா வராது."

"அப்ப அவரைக் கூட்டிக்கிட்டுப் போ. நான் சொல்றேன் அவருகிட்ட." அவள் மறுபடி உள்ளே போனாள். நிலத்தைப் பற்றி நான் நினைத்திருந்ததை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை.

உள்ளே டாக்டரம்மா மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பியிருந்தார். அப்பாவையும் எங்களையும் வைத்துக்கொண்டு பேசினார். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கப் பார்க்கும். குழாய்கள் உடனே இறுகி, நெஞ்சு வேகமாக அடித்து அதை மேலே தள்ள வேண்டும். வயதான உடம்பு அதை மெதுவாகத்தான் செய்யும். நாள்பட்ட சர்க்கரை அதைச் செய்யவைக்கிற நரம்பை மந்தப்படுத்தும். சாப்பிட்டதும் ரத்தம் வயிற்றுப் பக்கம் போகும், அதனாலும் கொஞ்சம் இறங்கும். இதற்கெல்லாம் மேலே மாத்திரைகள். ஒன்று நீரைப் பிரித்து வெளியேற்றுகிறது. மூத்திரம் தாராளமாகப் போக அரியலூர் டாக்டர் கொடுத்தது, ரத்தக் குழாயையும் சேர்த்துத் தளர்த்திவிடுகிறது. இன்னொன்று நெஞ்சு வேகமாக அடிக்கவிடாமல் பிடித்து வைக்கிறது.

"நின்னப்ப நாடி கொஞ்சம்கூட ஏறலை. நரம்பாலயா, இந்த மாத்திரையாலயான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தவும் கூடாது. நீங்க பெரம்பலூருல திடீர்னு நிறுத்திட்டு இருந்தீங்களே, அதுவும் ஆபத்துதான்" என்றார்.

நீர் மாத்திரையை நிறுத்தினார். மூத்திர மாத்திரையைக் காலையிலிருந்து படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றினார். தூக்க மாத்திரையைப் பாதியாக்கி, பிறகு விடச் சொன்னார். மற்றதைப் பெரம்பலூர் டாக்டரிடம் பேசி முடிவு செய்யச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எழும்போது முதலில் உட்கார வேண்டும், காலை ஆட்ட வேண்டும், கொஞ்சம் பொறுத்துப் பிறகு எழ வேண்டும், கண் இருட்டினால் உடனே உட்கார வேண்டும் என்றார். அப்பா கேட்டுக்கொண்டார்.

பெரம்பலூர் டாக்டர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாளா மாத்திரை போடாமயா எங்கிட்ட வந்துட்டு இருந்தீங்க?"

"நீங்க கேக்கலையே" என்றார் அப்பா.

டாக்டர் கோபப்படவில்லை. "ஆமா, கேக்கலை" என்று சொல்லி ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதற்குப் பிறகு அவரும் அப்பாவை நிற்க வைத்தும் பார்த்தார். அடுத்தடுத்த தடவைகளில் இறக்கம் இருபதுக்குள் வந்தது. முழுசாகப் போகவில்லை, ஆனால் விழுவது நின்றது.

அதற்கு முன்பே நானும் அப்பாவும் ஏலாக்குறிச்சிக்குப் போய்விட்டோம். அத்தை அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, "பஸ்ஸு எப்ப?" என்று கேட்டார். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் அங்கே போய் எதையாவது ஏடாகூடமாகக் கேட்டுவைப்பாரோ என்று எனக்குப் பயம்.

உங்கள் அம்மா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்றாள். நாற்காலி போட்டாள். எனக்கு வா என்ற சொல்கூட இல்லை.

"கண்டுபுடிச்சுட்டாங்க. மாத்திரைதானாம்" என்றார் அப்பா.

"மாத்திரையும் நான்தான மாமா எடுத்துக் குடுத்தேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "சீட்டுல இருந்ததைத்தான குடுத்தே."

"சோத்தையும் சட்டியில இருந்ததைத்தான் போட்டேன்."

அவர் செருப்பு நுனியால் சிதறிக் கிடந்த நெல்லை ஒதுக்கினார். "மூணு மணிக்கு பஸ்ஸு இருக்கு. புள்ளைங்க துணிமணியை எடுத்து வை."

"புள்ளைங்களை மட்டுமா?"

"உன்னையுந்தான்" என்றார். பிறகு, அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "வாம்மா" என்றார்.

அவள் உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கையைக் கழுவினார். ஆனால் சோற்றைத் தொடவில்லை. உங்களில் பெரியவன் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்குகிற வரைக்கும் அப்பா சும்மா இருந்தார். அதன் பிறகு தன் சோற்றைப் பிசைந்தார்.

நான் பார்த்தேன். உங்கள் அம்மாவும் பார்த்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறி வாயைத் திறக்கப் போனேன். அவள் கரண்டியோடு என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கைகழுவும் இடத்தில் மெல்லச் சொன்னாள்: "விடுங்க. கூப்புட்டுட்டாருல்ல. நம்புறது அவரு பாடு."

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சோறு போட்டாள், ஆனால் மாத்திரை எடுத்துக் கொடுக்கவில்லை. "அது நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க மாமா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர் அட்டையின் நிறத்தை வைத்து அடையாளம் கற்றுக்கொண்டார், நான் வாரத்துக்கு ஒரு தடவை சரிபார்த்தேன். அவர் போகிற வரைக்கும் ஒவ்வொரு வேளையும் உங்களுக்குப் பரிமாறி, நீங்கள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகே அவருக்குப் பரிமாறினாள். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று அவள் எல்லோரிடமும் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.